ராணிப்பேட்டை டேனரிகளுக்கு முதல் மெயில்: ஒரு முகவரிப் பட்டியல் உருவான விதம்

ராணிப்பேட்டையில் பி.எச். மீட்டர், ஃப்ளோ மீட்டர் சர்வீஸ் செய்து காலிபரேஷன் சான்றும் தரும் சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. உரிமையாளரையும் சில டெக்னீஷியன்களையும் தவிர ஆள் கிடையாது. இத்தனை வருடமும் வேலை வாய்மொழியாகவே வந்தது. தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஈ.டி.பி. என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் ஆபரேட்டர் அடுத்த டேனரிக்கு மாறினால் பட்டறையின் ஃபோன் நம்பரும் அவரோடு போகும். உரிமையாளர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை போக நினைத்தார். அங்கே தெரிந்த முகம் இல்லாததால் மெயிலில் அறிமுகம் செய்துகொள்ள முடிவு செய்தார். பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரு மெயில்கூட அனுப்பாமல் அந்தப் பட்டியலை எப்படிக் கட்டினோம், எதை வைத்து வடித்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதலில் யார் வேண்டும் என்பதைக் குறுக்கினோம். வேலூர் வட்டாரத் தோல் கம்பெனி என்றால் எல்லாமே ஒன்று போலத் தெரியும். ஷூ கம்பெனியில் வெட்டுவது, தைப்பது, ஒட்டுவதுதான் வேலை. பெரும்பாலும் அங்கே தண்ணீர் என்றால் கழிவறையும் கேன்டீனும்தான். கழிவுநீர் மீட்டர் சர்வீஸ் தேடுவது பச்சைத் தோலையோ வெட் ப்ளூ என்ற பாதி பதனிட்ட தோலையோ டிரம்மில் போட்டுப் பதனிடும் டேனரி. அது தன் கழிவுநீரை ஓரளவு சுத்தம் செய்து பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு விடும், இல்லையென்றால் சொந்த நிலையம் வைத்திருக்கும். இரண்டிலும் எவ்வளவு நீர் போகிறது என்று அளந்தாக வேண்டும். அதனால் டேனரி இல்லாத ஷூ கம்பெனிகளைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டோம். பெரிய பட்டியல் கைக்கு வந்தபின் கழிப்பது மனதுக்குக் கஷ்டம், ஆரம்பத்தில் கழிப்பது சுலபம்.

பெயர்களுக்கு மூன்று பொது மூலங்களை எடுத்தோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தோல் ஏற்றுமதி கவுன்சிலின் உறுப்பினர் விவரம் முதலாவது. அதில் பெயர், ஆபீஸ் விலாசம், ஃபோன், பல இடங்களில் மெயில் ஐடியும் இருக்கும். இரண்டாவது, லெதர் வொர்க்கிங் குரூப் என்ற சர்வதேச அமைப்பு தணிக்கை செய்வித்து வெளியிடும் டேனரிப் பட்டியல். அது ஆபீஸை அல்லாமல் தொழிற்சாலை இருக்கும் இடத்தைச் சொல்லும். அந்தத் தணிக்கையில் தண்ணீர்ச் செலவும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் கேட்கப்படுவதால், இந்தப் பட்டியலில் உள்ள டேனரிக்கு மீட்டர் சரியாக ஓட வேண்டிய தேவை கட்டாயம் உண்டு. எங்களுக்கு இதுதான் மூன்றிலும் கனமான மூலம். மூன்றாவது ஓப்பன் சப்ளை ஹப். வெளிநாட்டு பிராண்டுகள் தங்களுக்குச் சரக்கு தரும் ஆலைகள் எவை என்று வெளியிடுவதை அது ஒரே வரைபடத்தில் சேர்த்து வைக்கிறது. மெயில் ஐடி அதில் கிடைக்காது, ஆனால் ஆலையின் இடம் தெரியும்.

நீதிமன்ற ஆவணங்களிலும் டேனரிப் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து இன்றுவரை இந்த வட்டாரத்து டேனரிகள் வழக்குகளில் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பெயர்களை எடுக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொன்னேன். பழைய பெயர்களில் பல இன்று மூடிக் கிடக்கலாம், கை மாறியும் இருக்கலாம். வழக்குப் பட்டியலைப் பார்த்து மெயில் அனுப்புகிற ஆள் என்று நினைத்துவிட்டால் அந்த டேனரி அடுத்த மெயிலைத் திறக்கவே திறக்காது. அவரும் உடனே ஒத்துக்கொண்டார்.

மூன்று மூலங்களையும் ஒரே ஷீட்டில் கொட்டியதும் முந்நூறு வரிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அவை முந்நூறு டேனரிகள் அல்ல. ஒரே டேனரி மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று வரியாக நின்றது. பெயரில் முஹம்மத், முகமது, மொஹமட் என்று எழுத்து மாறும். ஒரு இடத்தில் டேனிங் கம்பெனி, இன்னொரு இடத்தில் லெதர்ஸ், வேறொன்றில் எக்ஸ்போர்ட்ஸ். இனிஷியலில் புள்ளி இருக்கும், இல்லாமலும் போகும். பெயரை வைத்து இரட்டைகளைக் களைந்தால் தப்பாகத்தான் முடியும், ஏனென்றால் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு ஒரே குடும்பப் பெயரில் இரண்டு தனித்தனி டேனரி நடத்துவதும் இங்கே சகஜம்.

அங்கே கைகொடுத்தது ஜி.எஸ்.டி. எண். 15 எழுத்து கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். எனவே இரண்டு வரிகளில் மூன்றாம் எழுத்திலிருந்து பன்னிரண்டாம் எழுத்துவரை ஒன்றாக இருந்தால், பெயர் எப்படி இருந்தாலும் ஆள் ஒன்றுதான். பான் எண்ணின் நான்காம் எழுத்து இன்னொன்றையும் சொல்லும். F என்றால் கூட்டாண்மை நிறுவனம், C என்றால் கம்பெனி, P என்றால் தனிநபர். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் F நிறைய வருகிறது. கம்பெனிப் பதிவேட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு டேனரி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். கூட்டாண்மை நிறுவனங்கள் அந்தப் பதிவேட்டில் வராது.

ஜி.எஸ்.டி. எண்ணை எங்கே பிடிப்பது? அரசுத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேட வழியில்லை, எண்ணைப் போட்டால்தான் விவரம் வரும். சில டேனரிகள் தங்கள் தளத்தின் அடியில் போட்டிருக்கின்றன. மீதிக்கு உரிமையாளரே வழி சொன்னார். ஜி.எஸ்.டி. விதி 18-ன்படி தொழில் நடக்கும் இடத்தின் நுழைவாயில் பெயர்ப் பலகையில் அந்த எண் இருக்க வேண்டும். டெக்னீஷியன்கள் வேறு வேலையாகப் போகிற வழியில் கேட்டின் மேல் உள்ள போர்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். சில போர்டுகளில் 11 இலக்க டின் எண் மட்டுமே இருந்தது. அது 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய வாட் கால எண். போர்டு அதற்குப் பிறகு மாறவே இல்லை என்றுதான் பொருள். அந்த வரிகளுக்கு ஒரு கேள்விக்குறி போட்டோம். எண் கிடைத்தவற்றைத் தளத்தில் போட்டபோது பதிவு ரத்தானவை தானாகத் தெரிந்தன, அவை பட்டியலை விட்டுப் போயின.

விலாசத்தின் வயதையும் பார்த்தோம். மூலத்தில் ஆம்பூருக்கு ‘வேலூர் மாவட்டம்’ என்று இருந்தால், அந்த வரி 2019 நவம்பர் 28-க்கு முன் எழுதப்பட்டதாக இருக்கலாம். அன்றுதான் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. பேரணாம்பட்டு மட்டும் வேலூரிலேயே நின்றது. ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்றே ஒரு சில வரிகளில் இருந்தது. அது 1989-ல் வட ஆற்காடு பிரிந்தபோது வந்து, தொண்ணூறுகளிலேயே போன பெயர். அப்படிப்பட்ட வரியில் ஒரு மெயில் ஐடி ஒட்டியிருந்தால் அதை யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள், எங்கிருந்து என்று தெரியாது. பழைய மாவட்டப் பெயர் ஒரு குற்றம் அல்ல, பழக்கத்தில் இன்றும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அது வந்தால் அந்த வரியில் எதையும் அப்படியே நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம்.

ஒரு வரியை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். கவுன்சில் விவரத்தில் ஒரு நிறுவனம், விலாசம் சென்னை பெரியமேடு, மெயில் ஐடி ஒரு இலவச யாஹூ கணக்கு. லெதர் வொர்க்கிங் குரூப் பட்டியலில் கிட்டத்தட்ட அதே பெயர், இடம் ராணிப்பேட்டை சிப்காட். ஓப்பன் சப்ளை ஹப்பில் எழுத்து மாறிய பெயர், அதே சிப்காட். கேட் போர்டில் பார்த்த ஜி.எஸ்.டி. எண்ணும் நிறுவனத்தின் தளத்தில் இருந்த எண்ணும் ஒன்றே. ஆக மூன்று வரியும் ஒன்றானது. இப்போது நிஜமான கேள்வி வந்தது. யாஹூ முகவரி உயிரோடுதான் இருந்தது, மெயில் போனால் போய்ச் சேரும். ஆனால் அது பெரியமேட்டில் ஏற்றுமதி ஆர்டர் பார்க்கும் ஆபீஸின் முகவரி. ராணிப்பேட்டையில் ஃப்ளோ மீட்டர் நின்றுபோனால் அங்கே யாருக்கும் தெரியாது. ஃபோனில் கேட்டதில் மீட்டர் சமாச்சாரம் ஃபேக்டரி மேனேஜர் கையில் என்றார்கள், அவருக்கு நிறுவனத்தின் சொந்த டொமைனில் தனி ஐடி இருந்தது. அந்த ஐடி மூன்று பொது மூலங்களில் எதிலுமே இல்லை.

இந்த வேலையில் நான் பிடிவாதமாக நிற்கும் இடம் இதுதான். முகவரி சரிபார்ப்பு என்றால் பலரும் ‘பெட்டி இருக்கிறதா’ என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பெட்டி யாருடையது என்பது வேறு கேள்வி, அதற்கு மென்பொருள் பதில் சொல்லாது. கம்பெனிப் பதிவேட்டு விவரங்களை எடுத்து வெளியிடும் தளங்களில் வரும் மெயில் ஐடிகள் இதற்கு நல்ல உதாரணம். அங்கிருந்தும் சில ஐடிகள் எங்கள் ஷீட்டில் வந்திருந்தன. ஷீட்டை மெயில் ஐடி வரிசையில் அடுக்கியபோது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல நிறுவனங்களுக்கு நேராக ஒரே ஐடி நின்றது. அது படிவம் தாக்கல் செய்த ஆடிட்டர் ஆபீஸின் ஐடி. எல்லாப் பரிசோதனையிலும் அது நல்ல முகவரியாகவே தேறும். அனுப்பியிருந்தால் ஒரே ஆடிட்டருக்கு ஒரே மெயில் பல முறை போய், அவர் ஸ்பேம் என்று அழுத்தியிருப்பார். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை, அந்தக் கட்டத்தை அகர வரிசையில் அடுக்கினால் போதும்.

ஆள் யார் என்று தெளிந்த பிறகே இயந்திரப் பரிசோதனைக்குப் போனோம். முதலில் அந்த டொமைன் மெயில் வாங்குகிறதா என்று பார்ப்பது. இதற்கு ஒரு கட்டளை போதும்:

```
$ dig +short MX example.com
0 .
```

இங்கே வந்திருக்கும் பூஜ்யமும் புள்ளியும் ‘இந்த டொமைன் மெயிலே வாங்காது’ என்ற அறிவிப்பு. மெயில் வாங்கும் டொமைனாக இருந்தால் ஒரு எண்ணும் ஒரு சர்வர் பெயரும் வரும். ஒன்றுமே வராவிட்டால் உடனே தள்ளிவிடக் கூடாது. மெயில் சர்வர் எது என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவு இல்லாத டொமைனுக்கு, அதன் ஐ.பி. முகவரியைச் சொல்லும் ஏ பதிவு காட்டும் சர்வரிடமே மெயிலைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்.எம்.டி.பி. விதி. நடைமுறையில் அப்படி வந்தவை எங்கள் ஷீட்டில் பெரும்பாலும் கைவிடப்பட்ட தளங்கள்தான். அவற்றை ஃபோன் பட்டியலுக்கு மாற்றினோம்.

இதைவிட ஆபத்தானது கை மாறிய டொமைன். நிறுவனம் புதுப்பிக்க மறந்து, வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். எம்.எக்ஸ். இருக்கும், எந்த முகவரிக்கு அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும். செத்துப்போன முகவரிகளையும் டொமைன்களையும் ஸ்பேம் பொறியாக மாற்றி, பழைய பட்டியலுக்கு மெயில் அனுப்புகிறவர்களைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அதில் மாட்டினால் அனுப்பியவரின் டொமைன் தடைப்பட்டியலில் ஏறலாம். இதைத் தெரிந்துகொள்ள whois கட்டளையில் டொமைன் பதிவான தேதியைப் பார்த்தோம். பல வருடமாக ஓடும் டேனரியின் டொமைன், அதுவும் பழைய பட்டியல்களில் அச்சான டொமைன், போன வருடம்தான் பதிவானதாகக் காட்டினால் அது பழைய ஆளிடம் இல்லை. எங்கள் ஷீட்டில் அப்படி இரண்டு இருந்தன. ஒன்றின் தளத்தைத் திறந்தால் தோலுக்குச் சம்பந்தமே இல்லாத விளம்பரம்.

அடுத்தது தனி முகவரி. பெறும் சர்வரிடம் போய் ‘இந்தப் பெயருக்கு மெயில் வாங்குவாயா’ என்று கேட்டுவிட்டு, மெயிலைத் தராமலேயே திரும்பும் முறை ஒன்று இருக்கிறது. பதில் 250 என்றால் வாங்கும், 550 5.1.1 என்றால் அப்படி ஆள் இல்லை, 450 போல நாலில் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். இதை நாமே நம் கணினியிலிருந்து செய்வதை நான் ஏற்பதில்லை. வீட்டு பிராட்பேண்டில், சர்வர்கள் மெயில் பரிமாறும் 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். திறந்திருந்தாலும், வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும் ஐ.பி.யைப் பெரிய சர்வர்கள் முகவரி திருடுகிற ஆளாகவே பார்க்கும். அதற்கென்று இருக்கும் கட்டணச் சேவை ஒன்றில் ஷீட்டை ஏற்றினோம்.

அந்தச் சேவை திருப்பித் தந்ததில் நல்லது, கெட்டது தவிர ‘எல்லாம் வாங்கும்’ என்று ஒரு மூன்றாவது வகை இருந்தது. சில டொமைன்களில் எந்தப் பெயரைப் போட்டாலும் சர்வர் 250 சொல்லும்படி அமைத்திருப்பார்கள். அர்த்தமில்லாத எழுத்துகளைப் போட்டுக் கேட்டாலும் அதே 250. அப்படிப்பட்ட இடத்தில் purchase@ சரியா, stores@ சரியா என்று இயந்திரத்தால் சொல்லவே முடியாது. ஆளின் பெயரை வைத்து முகவரியை யூகித்து, இந்தச் சேவையில் போட்டு, பச்சை விழுந்ததும் அனுப்புகிறவர்கள் ஏமாறும் இடம் இது. நாங்கள் யூகித்த முகவரி ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. ‘எல்லாம் வாங்கும்’ வரிகள் முழுவதும் ஃபோனுக்குப் போயின.

ஃபோனை உரிமையாளரே எடுத்தார். தளத்தில் போட்டிருக்கும் ஆபீஸ் நம்பருக்கு மட்டும்தான் பேசினார். ஆம்பூர் டேனரி ஒன்றோடு பேசியது இப்படி இருந்தது:

“வணக்கம் பாய், ராணிப்பேட்டைலேர்ந்து பேசுறேன். மீட்டர் சர்வீஸ் பண்றோம். எங்களப் பத்தி ஒரு மெயில் போடலாம்னு. ஈ.டி.பி. சமாச்சாரம் எந்த ஐடிக்கு அனுப்பணும்?”

“பர்ச்சேஸுக்குப் போடாதீங்க, அது மெட்ராஸ் ஆபீஸு. இங்க மேனேஜர் இருக்காரு, அவரு ஐடி சொல்றேன், எழுதிக்குங்க. எம் ஃபார் மெட்ராஸ்…”

“என் ஃபார் நெல்லூர் இல்லையே? எம் தானே?”

“எம் எம். மெட்ராஸ்.”

எம்மும் என்னும், பியும் டியும் ஃபோனில் ஒன்றாகக் கேட்கும். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டிய பிறகே ஷீட்டில் ஏற்றினார். அப்படிக் கிடைத்த ஐடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு, அனுப்பப் போகிறோம் என்று சொல்லி வாங்கியது அது.

ஒவ்வொரு முகவரிக்கும் நேராக அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் பார்த்தோம் என்று இரண்டு கட்டம் வைத்தோம். இதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. info@ போன்றது நிறுவனத்தின் முகவரி. ஒருவரின் பெயர் உள்ள முகவரி அவருடைய தனிநபர் தரவு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்பந்தப்பட்டவரே பொதுவில் வெளியிட்ட தரவையும் சட்டக் கடமைப்படி வெளியானதையும் விலக்கி வைக்கிறது. மூன்றாம் ஆள் எங்கோ திரட்டி ஏற்றிய ஐடிக்கு அந்த விலக்கு பொருந்தாது. எந்த வகை என்பதை மூலக் கட்டம் இல்லாமல் பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜெர்மனி போன்ற நாட்டில் உள்ள நிறுவனமாக இருந்தால் நிலைமையே வேறு, அங்கே வணிக நிறுவனத்துக்குக்கூட முன் அனுமதி இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பக் கூடாது. எங்கள் பட்டியல் உள்ளூரோடு நின்றது.

கடைசியில் மெயில் அனுப்பத் தகுந்தவையாக நின்றவை நூற்றுக்குச் சற்று மேல். முந்நூறில் மூன்றில் ஒன்று என்றதும் உரிமையாளர் முகம் சுருங்கியது உண்மை. அந்த வட்டாரத்தில் தனக்குத் தெரிந்த டேனரிகளை அவர் அதில் தேடிப் பார்த்தார், ஒவ்வொன்றும் சரியான ஆளோடு இருந்தது. அதன்பின் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

பட்டறையின் டொமைனில், மெயில் நிஜமாகவே அங்கிருந்துதான் வருகிறது என்று பெறுகிறவருக்குக் காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, முதலில் இருபது மெயில் மட்டும் போனது. திரும்பி வருவதைப் படிக்க அந்த அளவு போதும். 5.1.1 என்று திரும்பினால் முகவரி தவறு, அன்றே நீக்க வேண்டும். 5.7.1 என்று வந்தால் முகவரியில் குற்றமில்லை, நம்மைத் தடுக்கிறார்கள், மீதி மெயிலை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். இருபதில் ஒன்று 5.1.1 என்று திரும்பியது. ஷீட்டைப் பார்த்தால் அது கவுன்சில் விவரத்திலிருந்து நேராக எடுத்து, ஃபோனில் கேட்காமல் விட்ட ஐடி. அதே வகையில் இன்னும் சில வரிகள் இருந்ததால் அடுத்த இருபதை நிறுத்திவிட்டு, அவற்றுக்கு முதலில் ஃபோன் பேசினோம்.

பேரணாம்பட்டுப் பக்கத்து வரிகள் சில இன்னும் ‘தெரியவில்லை’ என்றே நிற்கின்றன. ஃபோனை எடுப்பதில்லை, டின் எண் போர்டுதான் தொங்குகிறது. அந்தப் பக்கம் வேலை வரும்போது டெக்னீஷியன் கேட்டில் இறங்கி வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு வருவார். அதுவரை அந்த வரிகளுக்கு மெயில் போகாது.